பத்தாவது சொட்டு சொல்லும் கணக்கு

உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு கலம். உள்ளே 200 மைக்ரோலிட்டர் கரைசல், பக்கத்திலேயே வெறும் நீர் நிரப்பிய ஒப்பீட்டுக் கலம். இரண்டும் எப்போதும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். அதற்காகக் கருவி கொடுக்கும் மின்திறன் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பதுதான் திரையில் கோடாக ஓடுகிறது. சமவெப்பத் தரம்பார்த்தல் வெப்ப அளவியல் என்ற நீண்ட பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவே.

கருவியைச் சோதிக்க வேதியியலாளர்கள் பழகிய ஒரு ஜோடி உண்டு. ஆறு ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட 18-கிரவுன்-6 என்ற வளைய மூலக்கூறும், அதன் நடுவே உட்காரும் பேரியம் அயனியும். கலத்தில் 5 மில்லிமோலார் வளையம், ஊசியில் 50 மில்லிமோலார் பேரியம் குளோரைடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 2 மைக்ரோலிட்டர் இறங்குகிறது.

முதல் சொட்டுகளில் வளையங்கள் ஏராளமாகக் காலியாக இருப்பதால், வந்த பேரியம் ஏறக்குறைய முழுவதும் பிணைந்துவிடும். திரையில் ஒரு துடிப்பு எழுந்து அடங்கும். அதன் பரப்பளவு சுமார் 3 மில்லிஜூல். கலத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் நான்கு பங்குகூடச் சூடாக்காத வெப்பம். பிணைந்த மோல்களால் அதை வகுத்தால் என்தால்பி கிடைத்துவிடுகிறது: மோலுக்கு சுமார் −31 கிலோஜூல்.

பிணைப்பு மாறிலி அங்கே கிடைக்காது. அது துடிப்புகள் சிறுத்துவரும் விதத்தில் இருக்கிறது. பத்தாவது சொட்டில் பேரியமும் வளையமும் சம அளவு. எல்லாம் பிணைந்திருந்தால் அதுவரை 31 மில்லிஜூல் வந்திருக்க வேண்டும். வருவதோ சுமார் 26. அதாவது ஆறில் ஒரு பங்கு இன்னும் தனியாகவே திரிகிறது. இணைந்தது 4.17, தனித்தவை ஒவ்வொன்றும் 0.83 மில்லிமோலார். முன்னதைப் பின்னவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ 6,000. (சொட்டுகளால் கரைசல் சற்றே நீர்ப்பதை இங்கே விட்டுவிட்டோம்.) கணினி எல்லாத் துடிப்புகளுக்கும் சேர்த்து ஒரே வளைவைப் பொருத்துவதால் விடை இன்னும் உறுதியாகிறது.

பிணைப்பு மிக இறுக்கமானால் வளைவு செங்குத்துப் படியாகிவிடும். என்தால்பி கிடைக்கும், மாறிலி கிடைக்காது. மாறிலியையும் கலத்தின் செறிவையும் பெருக்கிவரும் எண்ணைப் பார்த்தே இதை முன்கூட்டி அறியலாம். நம் ஜோடிக்கு அது சுமார் 30, நல்ல இடம். ஆயிரத்தைத் தாண்டினால் ஆபத்து. எச்.ஐ.வி. புரோட்டியேஸைத் தடுக்கும் மருந்துகள் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு, தளர்வாகப் பிணையும் அசிட்டைல் பெப்ஸ்டாட்டினை முதலில் நொதியில் அமர்த்தி, மருந்தைக் கொண்டு அதை வெளியேற்றி அளக்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர் முதலில் பார்ப்பது வளைவின் கடைசிப் பகுதியைத்தான். வளையம் நிரம்பிய பிறகும் பெரிய துடிப்புகள் தொடர்ந்தால், அது பிணைப்பின் வெப்பமல்ல. ஊசியிலும் கலத்திலும் உள்ள கரைசல்கள் பொருந்தவில்லை, அல்லது பேரியம் நீர்ப்பதன் வெப்பம் கழிக்கப்படவில்லை. வெறும் நீரில் அதே சொட்டுகளை இறக்கி, கிடைக்கும் வெப்பத்தைக் கழிக்க வேண்டும்.