பேரேட்டில் 2,04,000, பாஸ்புக்கில் 2,21,072

மகளிர் சுய உதவிக் குழுவின் கடன் பேரேடும் வங்கிப் பாஸ்புக்கும் ஒரே தொகையைக் காட்டுவது அபூர்வம். தொகை இடித்தால் சிலர் ஊக்குநரைச் சந்தேகப்படுகிறார்கள். சிலர் “பேங்க்ல ஏதோ வட்டி போட்டிருப்பாங்க” என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் உள்ள ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தேதியும் ஒரு காரணமும் கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 12 பேர் கொண்ட குழுவுக்கு ஜூன் 1-ஆம் தேதி 2,40,000 ரூபாய் வங்கிக் கடன் வருகிறது. ஆளுக்கு 20,000. மாதம் 1,000 வீதம் 20 தவணையில் அசலைக் கட்ட வேண்டும். வங்கி வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். குழுவும் உறுப்பினர்களிடம் அதே கணக்கில், மீதி அசலுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வாங்குகிறது. (பல குழுக்கள் இதைவிடக் கூடுதலாக வாங்குகின்றன. அந்தக் கூடுதல் குழுவின் வருமானம். ஒப்பிடும்போது அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.) கூட்டம் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என மூன்று தவணையையும் 12 பேரும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார்கள். பேரேட்டில் அசல் 36,000 கழிந்து நிலுவை 2,04,000 என்று நிற்கிறது. செப்டம்பர் 30 வரை பதிந்து வாங்கிய கடன் பாஸ்புக்கிலோ 2,21,072. வித்தியாசம் 17,072 ரூபாய். தவணையே கட்டாத குழுவைப் போல இருக்கிறது.

இரண்டு கணக்கும் நடக்கிற விதமே வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குழுவின் பேரேடு கூட்டத்துக்குக் கூட்டம் நகர்கிறது. வங்கியின் கணக்கு நாளுக்கு நாள் நகர்கிறது. அன்றன்று உள்ள நிலுவையை 12 சதவீதத்தால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் அன்றைய வட்டி. மாதம் முழுவதும் அதைக் கூட்டி, கடைசி நாளில் கடன் கணக்கிலேயே பற்று வைக்கிறது வங்கி. அதனால் ஜூன் 30 அன்று 2,367 ரூபாய் ஏறி, ஒரு தவணைகூட வராத நிலையில் நிலுவை 2,42,367 ஆகிவிடுகிறது. இது தவறல்ல. ஜூலை 5-இல் அசலும் வட்டியுமாக 14,400 கட்டியதும் 2,27,967-க்கு இறங்குகிறது. பேரேட்டில் அன்று 2,28,000. வெறும் 33 ரூபாய் வித்தியாசம். அதாவது முதல் மாதம் இரண்டும் ஒத்துத்தான் போயின. எந்த மாதத்தில் விலகத் தொடங்கின என்று பார்ப்பதுதான் வேலை.

அதற்கு மூன்று காகிதம் வேண்டும்: கூட்டத்தில் வசூலானதைக் காட்டும் ரொக்கப் புத்தகம், வங்கி முத்திரை போட்ட சலான் அடிக்கட்டை, பாஸ்புக். கடன் கணக்குக்குப் பாஸ்புக் இல்லையென்றால் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கலாம். தொகையை மட்டும் டிக் அடித்துக்கொண்டு போகாதீர்கள், தேதியையும் பாருங்கள். கடன் பாஸ்புக்கில் பற்று என்றால் கடன் ஏறுகிறது, வரவு என்றால் இறங்குகிறது. சேமிப்புப் பாஸ்புக்கைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

ஆகஸ்ட் தவணை 14,280. வசூல் 5-ஆம் தேதி. பாஸ்புக்கில் வரவானது 22-ஆம் தேதி. இந்த 17 நாளுக்கு வங்கி கூடுதலாக எடுத்த வட்டி 80 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் அந்த 17 நாளும் பணம் யார் கையில் இருந்தது என்ற கேள்வி சின்னதல்ல. வங்கிக்குப் போக ஆள் இல்லையா, யாருக்காவது கைமாற்றாகப் போனதா என்று கூட்டத்தில் கேட்கலாம். கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம்.

செப்டம்பர் தவணை 14,160. கடன் கணக்கில் அப்படியொரு வரவே இல்லை. இங்கேதான் பலர் பதறுகிறார்கள். சேமிப்புப் பாஸ்புக்கைத் திறந்தால் செப்டம்பர் 5-இல் அதே 14,160 வரவாகியிருக்கிறது. சலானில் கடன் கணக்கு எண்ணுக்குப் பதிலாகச் சேமிப்புக் கணக்கு எண்ணை எழுதிவிட்டார்கள். பணம் பத்திரம். ஆனால் கடனுக்குப் போய்ச் சேராததால் மாத முடிவுக்குள் 122 ரூபாய் கூடுதல் வட்டி ஏறிவிட்டது, தவணை தவறியதாகவும் வங்கியில் பதிவாகும்.

மீதி இரண்டு பதிவுகள். செப்டம்பர் 30-இல் 590 ரூபாய் கட்டணம் பற்று. 500-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 590. எதற்கான கட்டணம், அது இந்தக் கடனுக்குப் பொருந்துமா என்று வங்கியில் எழுத்தில் கேட்க வேண்டும். அதே நாளில் செப்டம்பர் மாத வட்டியும் ஏறியிருக்கிறது. அதை உறுப்பினர்கள் அக்டோபர் 5 கூட்டத்தில்தான் கொடுப்பார்கள், பேரேட்டுக் கணக்கில் 2,040 ரூபாய்.

இப்போது கழித்துப் பார்க்கலாம். 17,072-இல் சேமிப்புக் கணக்கில் கிடப்பது 14,160. கட்டணம் 590. இனி வசூலாகவிருக்கும் வட்டி 2,040. மிஞ்சுவது 282. அதில் தாமதத்தால் வந்தது 80-உம் 122-உம், ஆக 202. கடைசி 80 ரூபாய், வங்கி 31 நாள் மாதத்துக்கு 31 நாள் வட்டி எடுப்பதாலும், மாதத்தின் முதல் நான்கு நாளுக்குப் பழைய நிலுவை மீதே கணக்கிடுவதாலும் வருவது. இந்த மாதிரியான சில்லறை வித்தியாசம் எல்லாக் குழுவிலும் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மாதா மாதம் ஆயிரக்கணக்கில் வளர்ந்தால்தான் கவலை.

வித்தியாசமே இல்லாத கணக்கும் சில சமயம் ஆபத்தானது. ஓர் உறுப்பினர் மூன்று தவணை கொடுக்கவில்லை என்று வையுங்கள். வங்கியில் பெயர் கெடக்கூடாது என்று குழுவின் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். பேரேட்டில் எல்லோரும் கட்டியதாகவே எழுதுகிறார்கள். கடன் பாஸ்புக் அப்பழுக்கில்லாமல் ஒத்துப்போகும். குறைந்திருப்பது எல்லோருடைய சேமிப்பும்தான். கடனில் வரவான அதே தேதியில் சேமிப்பில் அதே தொகை பற்றாகியிருந்தால், அந்த மாத வசூல் பணம் வங்கிக்குள் வந்த பதிவும் சேமிப்புப் பாஸ்புக்கில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆகையால் இரண்டு பாஸ்புக்கையும் சேர்த்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தாலும் பாஸ்புக்குக்கு ஓர் எல்லை உண்டு. 14,280 வந்தது என்று சொல்லுமே தவிர, அதில் யாருடைய பணம் இல்லை என்று சொல்லாது. அது ஒவ்வொருவர் கையிலும் உள்ள தனிநபர் பாஸ்புக்கில்தான் தெரியும். ஆகவே கூட்டத்தில் பேரேட்டிலுள்ள 12 பேரின் நிலுவையையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, அவரவர் தம் புத்தகத்தோடு பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த 12 தொகையும் சேர்ந்து 2,04,000 வர வேண்டும்.

நம் மாதிரிக் குழு அக்டோபர் 5-இல் செய்ய வேண்டியது இது. சேமிப்பிலுள்ள 14,160-ஐக் கடன் கணக்குக்கு மாற்றத் தீர்மானம் போட்டு, கையெழுத்து அதிகாரம் உள்ளவர்கள் ஒப்பமிட்ட கடிதத்தை மறுநாளே வங்கியில் கொடுக்க வேண்டும். 590-ஐ வங்கி திருப்பித் தராவிட்டால் குழுவின் செலவாக எழுதலாம். 202 ரூபாயை மட்டும் உறுப்பினர்கள் தலையில் கட்டக்கூடாது. அவர்கள் 5-ஆம் தேதியே கொடுத்துவிட்டார்கள்.