70 எழுத்தில் ஒரு மன்னிப்பு

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. பக்கத்து வீட்டு அக்கா சிங்களவர், பிரதேச செயலகமொன்றில் வேலை. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் 5 ஆண்டுகளுக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற சுற்றறிக்கைக்கு அமைய, அவரும் தமிழ் படித்து சோதனை எழுதியவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். “எனக்குத் தமிழிலேயே அனுப்புங்கோ, பழகலாம்” என்று சொல்லியும் வைத்திருக்கிறார். மத்தியானம் அவர் எடுத்த அழைப்பை நீங்கள் தவறவிட்டுவிட்டீர்கள். என்ன எழுதி அனுப்புவீர்கள்?

அவர் தமிழர் என்றால் யோசிக்கவே வேண்டாம். கை தானாக அடிக்கும்:

“அக்கா கோல் எடுத்தீங்களே, கேக்கேல்ல, பிறகு எடுக்கிறன் என்ன.”

யாழ்ப்பாணத்துக் காதுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் புத்தகத்தில் தமிழ் படித்தவர் இதில் நாலு இடத்தில் தடுக்கி விழுவார். ‘கேக்கேல்ல’ அவருடைய அகராதியில் கிடையாது; அவர் படித்தது ‘கேட்கவில்லை’. ‘பிறகு’ என்றால் எப்போது என்று தெரியாது. ஈழத்துப் பேச்சில் ‘சரிதானே’ என்ற பொருளில் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘என்ன’ அவருக்கு ஒரு கேள்வியாகவே தெரியும்; எதைக் கேட்கிறார்கள் என்று தேடத் தொடங்குவார். நாலாவது இடம்தான் பெரியது. யார் யாருக்கு எடுக்கப் போகிறார்கள்?

நமக்கு அது ‘எடுக்கிறன்’ என்ற சொல்லின் வாலிலேயே இருக்கிறது. எடுக்கிறேன், எடுக்கிறாய், எடுக்கிறார்: ஆள் மாறினால் வினையின் முடிவும் மாறும். அதனால்தான் தமிழில் ‘நான்’ என்பதை விட்டுவிட்டே அரைவாசிப் பேச்சை முடித்துவிடுகிறோம். பேச்சுச் சிங்களத்தில் அந்த வசதி இல்லை. ‘கன்னவா’ என்றால் எடுப்பது. நான் எடுத்தாலும் நீ எடுத்தாலும் அவர் எடுத்தாலும் அதே ‘கன்னவா’தான், ஆளைச் சொல்ல ‘மம’, ‘ஒயா’ போன்ற சொற்களை முன்னால் வைக்க வேண்டும், அல்லது சூழலிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டும். நானே செய்கிறேன் என்று உறுதி கொடுக்கும்போது மட்டும் ‘கன்னம்’ என்று தனி வடிவம் வரும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண், தமிழ் வினையின் கடைசி எழுத்தில் ஆளைத் தேடாது. ‘எடு’ என்பதைக் கண்டதும் ‘கன்னவா’ என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆகவே, தமிழருக்கு எழுதும்போது மிகையாகத் தெரியும் ‘நான்’ இங்கே கட்டாயம்.

‘எடுக்கிறேன்’ என்ற சொல் பொருத்தமானதுதானா? தமிழ்நாட்டு வாசகருக்குச் சந்தேகம் வரும். அங்கே போனை ‘எடுப்பது’ என்றால் மணி அடிக்கும்போது எடுத்துப் பேசுவது. இலங்கையில் ஒருவருக்கு அழைப்பு விடுப்பதையும் ‘கோல் எடுக்கிறது’ என்றுதான் சொல்வோம். சிங்களத்திலும் அச்சொட்டாக இதே வழக்கு: ‘கோல் எக்கக் கன்னவா’. சென்னையில் இருப்பவரை விட கொழும்புச் சிங்களவருக்கு இந்தச் சொல் சட்டென்று விளங்கும். ‘கேட்கவில்லை’ என்பதற்கும் அப்படி ஒரு துணை இருக்கிறது. ‘போன் கேட்கவில்லை’ என்றால் போன் வேண்டும் என்று கேட்கவில்லை என்றாகிவிடாதா என்று பயப்பட வேண்டாம். சிங்கள ‘அஹனவா’வும் நம் ‘கேள்’ போலவே கேள்வி கேட்பதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும் பொதுவான சொல். இரண்டு மொழியும் வேறு வேறு குடும்பம். ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவை. சொல் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான், வினை கடைசியில் வரும். வசனத்தைச் சின்னதாக வைத்தால் அவர் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டே போனாலும் பொருள் குலையாது.

நேரத்தை இலக்கத்தில் எழுதுங்கள். ‘பின்னேரம்’ நமக்கு வாய்க்கு வந்த சொல். சோதனைக்குப் படித்தவருக்கு அறிவித்தல்களில் காணும் ‘மாலை’ பழக்கம். அலுவலகம் முடிந்து அவர் வீடு வந்து சேரும் நேரமாகப் பார்த்து 6 மணி என்று வைத்துக்கொள்வோம். இப்போது செய்தி இப்படி வரும்:

“அக்கா, மன்னிக்கவும். போன் கேட்கவில்லை. மாலை 6 மணிக்கு நான் எடுக்கிறேன்”

கடைசியில் முற்றுப்புள்ளி இல்லாததற்குக் காரணம் உண்டு. வட்ஸ்அப்பில் எவ்வளவும் எழுதலாம். சாதாரண எஸ்எம்எஸ் ஆக அனுப்பினால், ஆங்கில எழுத்துக்கு 160 இடம் கிடைக்கும் ஒரு செய்தியில் தமிழுக்குக் கிடைப்பது 70 இடம்தான். அதிலும் தொலைபேசி எண்ணும் விதம் வேறு. ‘கா’ நமக்கு ஓர் எழுத்து. அதற்கு ககரம் ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு. ‘க்’ கூட, மேலே வைக்கும் புள்ளியையும் சேர்த்து இரண்டு. ‘மன்னிக்கவும்’ மட்டுமே 12 இடத்தை விழுங்கிவிடுகிறது. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் மேலேயுள்ள செய்தி சரியாக 70. ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் 71 ஆகி, இரண்டு செய்தியாகக் கணக்கில் ஏறும். ‘பின்னேரம்’ என்று எழுதியிருந்தால் இன்னும் 5 இடம் கூடியிருக்கும். ‘மன்னிக்கவும்’ கந்தோர்க் கடிதம் போல இருக்கிறது என்று பட்டால் ‘சொறி’ போடலாம், 8 இடம் மிச்சம். வாய்விட்டு வாசித்தால் அவருக்கும் விளங்கும். அகராதியைப் பார்த்தால் மட்டும் சிரங்கு வந்து நிற்கும்.

விளிப்பில் இங்கே அதிர்ஷ்டம். ‘அக்கா’ இரண்டு மொழியிலும் ஒரே சொல், ஒரே உறவு. பக்கத்து வீட்டில் இருப்பவர் மூத்த ஆண் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மரியாதைக்கு ‘ஐயா’ என்று எழுதினால் சிங்களவருக்கு அது அண்ணன். ஐம்பது வயதுக்காரர் சந்தோஷப்படுவார். எண்பது வயதுக்காரருக்கு விநோதமாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு, கொழும்பில் எல்லோரும் சொல்கிற ‘அங்கிள்’ போதும்.

தவறிய அழைப்பு எல்லாமே பேசுவதற்கு எடுத்ததாகவும் இருக்காது. ‘ரிங் கட்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது: ஒரு முறை அடிக்க விட்டு வெட்டிவிடுவது, வந்துவிட்டேன் என்றோ கீழே வா என்றோ ஒரு சைகை. ஒரே ஒரு தடவை, அதுவும் இரண்டு விநாடி அடித்து நின்றிருந்தால், ஆறு மணி வரை பொறுக்காமல் கதவைத் திறந்து பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று தடவை அடித்திருந்தால் அவசரம். செய்தி எழுதிக்கொண்டிருக்காமல் உடனே எடுக்க வேண்டியதுதான். இரவில் அனுப்புகிற செய்தி என்றால் ‘மாலை’க்கு முன்னால் ‘நாளை’ சேர்த்தே ஆக வேண்டும், அது இரண்டு செய்தியாகப் போனாலும். பழைய பொத்தான் போன் வைத்திருப்பவருக்குத் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகப் போய்ச் சேரலாம். அவருக்கு எழுதிப் பயனில்லை.

விளங்கியதா என்பதைப் பதிலில் கண்டுகொள்ளலாம். ‘ஹரி’, அதாவது சரி, என்று வந்தால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘6 ஹரி’ என்று நேரத்தையும் சேர்த்து வந்தால் சந்தேகமே இல்லை. பதிலே வராமல், ஆறு அடிக்கும்போது அவரே உங்களுக்கு எடுத்தால் ‘நான்’ எங்கேயோ தவறிவிட்டது என்று அர்த்தம். இந்த முறையாவது போனைக் கையில் வைத்திருங்கள்.