எந்தச் சோதனை? நெல் வயலிலிருந்து ஒரு விளக்க அட்டை

ஹைதராபாத்தை அடுத்த ராஜேந்திரநகரில் 1965-ஆம் ஆண்டு அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. இத்தகைய ஆய்வுகளில் நெல் இரகங்கள் ஒரே நிலத்தில் அருகருகே பயிரிடப்பெறுகின்றன. மண்ணும் நீரும் இரு இரகங்களுக்கும் ஒத்திருக்க வேண்டும் என்பதே காரணம். கணக்கிடுபவர் இந்த அருகாமையை மறந்தால் விளையும் பிழையைக் கீழ்க்காணும் பயிற்சி அட்டை காட்டும். எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பெற்றவை.

அட்டையின் முன்புறம்

ஆறு நிலங்கள் ஒவ்வொன்றும் இரு சம பாகங்களாகப் பிரிக்கப்பெற்றன. எப்பாகத்தில் எந்த இரகம் என்பது சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்பெற்றது. நில வரிசைப்படி, ஹெக்டேருக்குக் குவிண்டாலில் மகசூல்:

பழைய இரகம்: 30, 38, 45, 52, 41, 34
புதிய இரகம்: 35, 39, 49, 52, 47, 36

சராசரிகள் 40, 43. இவ்வேறுபாடு தற்செயலானதா?

வழிப்படம்

1. விவரம் அளந்ததா, எண்ணியதா? நோயுற்றவை, நோயற்றவை எனச் செடிகளை எண்ணியிருந்தால் கை-வர்க்கச் சோதனை. அளந்ததாயின் அடுத்த கேள்வி.
2. ஒப்பிடுவன எத்தனை? மூன்று அல்லது அதற்கு மேலாயின் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. இரண்டாயின் அடுத்த கேள்வி.
3. எண்கள் இணை இணையாக உள்ளனவா? ஆம் எனில் இணை t சோதனை. இல்லை எனில் தனித்த இரு தொகுதிகளுக்குரிய t சோதனை.

அட்டையின் பின்புறம்

ஒவ்வொரு நிலமும் ஓர் இணை. ஆகவே வித்தியாசங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும்: 5, 1, 4, 0, 6, 2. இவற்றின் சராசரி 3. சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 28. அதை 5-ஆல் வகுக்க 5.6.

t = 3 ÷ √(5.6 ÷ 6) = 3.11

வரையற்ற பாகை 5-க்கு, 5 சதவீத மட்டத்தில் இருபுறச் சோதனையின் அட்டவணை மதிப்பு 2.57. கண்ட மதிப்பு அதனினும் பெரிது. வேறுபாட்டைத் தற்செயல் எனத் தள்ளுவதற்கில்லை.

அதே எண்களைத் தனித்த இரு தொகுதிகளாகக் கொண்டால் t 0.69 மட்டுமே, அட்டவணை மதிப்போ 2.23. நல்ல இரகம் பயனற்றதாகத் தோன்றிவிடும். 30 முதல் 52 வரை பரவிய நில வளத்தின் ஏற்றத்தாழ்வு, 3 குவிண்டால் ஆதாயத்தை மூடிவிடுகிறது. வித்தியாசம் காணும்போது அந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் கழிந்துபோகிறது.

இணை உண்டா என அறிய எளிய வழி ஒன்று உண்டு. இரண்டாம் வரிசை எண்களை மனத்துள் இடம் மாற்றிப் பார்க்கவேண்டும். அதனால் உண்மை ஏதும் கெடவில்லையெனில், அவை இணைகள் அல்ல. இங்கு 35-ஐ 52-இன் கீழ் வைத்தால் வேறொரு நிலத்தின் மகசூலாகிவிடும். அறுவடைக்குப் பின் எண்களை ஏறுவரிசையில் அடுக்கி இணை சேர்த்தல் கூடாது. இணை விதைப்பதற்கு முன்பே அமைய வேண்டும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. ஆறே இணைகளில் ஒரு வித்தியாசம் மட்டும் 30 என வந்தால், முதலில் களக் குறிப்பேட்டைச் சரிபார்க்க வேண்டும். பதிவு மெய்யானதாயின், வித்தியாசங்களின் தர வரிசையைக் கொண்டு இயங்கும் வில்காக்சன் சோதனை அவ்விடத்திற்குப் பொருந்தும்.