கண்ணாடி கழுத்தில் தொங்கியது

“பலமுறை எச்சரித்தும் கேளாமல்…” என்று தொடங்கும் வாக்கியம் தொழிற்சாலைக் குறிப்பேடுகளில் ஏராளம். எழுதுபவருக்கு அது ஒரு நிம்மதி. நாளைக்கு ஏதாவது நடந்தால் நம் பக்கம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பு. ஆனால் அந்தப் ‘பலமுறை’ எத்தனை முறை, எப்போது, எந்த மொழியில் என்று யாராவது கேட்டுவிட்டால் வாக்கியம் அங்கேயே படுத்துவிடும்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். உருக்காலைகள், கம்பி உருட்டும் ஆலைகள், வார்ப்பாலைகள், ரசாயனத் தொழிற்சாலைகள் எல்லாம் உண்டு. கொஞ்ச தூரம் தாண்டினால் ஆந்திர எல்லை. அதனால் ஒரே ஷெட்டில் தமிழும் தெலுங்கும் கேட்கும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். பாதுகாப்புக் குறிப்பேடு மட்டும் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாத ஒருவர் அதன் அடியில் கையெழுத்துப் போடுவார். பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு வார்ப்பாலையின் இரவு ஷிஃப்டைக் கற்பனை செய்துகொள்வோம். அச்சிலிருந்து வந்த இரும்பு வார்ப்பின் ஓரத்துப் பிசிறை ஏஜி-7 கிரைண்டரால் தேய்த்து எடுக்கும் வேலை. கையில் பிடிக்கும் ஏழு அங்குல கிரைண்டரைத்தான் பட்டறையில் அப்படிச் சொல்வார்கள். அதன் வீல் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பொறி பறப்பது எல்லோருக்கும் தெரியும். கீறல் விழுந்த வீல் உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தொழிலாளியின் பாதுகாப்புக் கண்ணாடி கழுத்தில் தொங்குகிறது. முகக்கவசம் மேஜையில் கிடக்கிறது. சூப்பர்வைசர் பார்க்கிறார், சொல்கிறார். தொழிலாளி போட மறுக்கிறார்.

இதை இப்படி எழுதலாம்: “மேற்படி நபர் பலமுறை அறிவுறுத்தியும் வேண்டுமென்றே அலட்சியமாகக் கண்ணாடி அணியாமல் வேலை செய்தார். கண் போன பிறகுதான் புத்தி வரும் போலும்.” கடைசி வரியை எழுதும்போது எழுதியவருக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும். ஆனால் மொத்தக் குறிப்பிலும் கண்ணால் பார்த்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கண்ணாடி அணியவில்லை. மீதியெல்லாம் தீர்ப்பு. ‘வேண்டுமென்றே’ என்பது தொழிலாளியின் மனசுக்குள் இருப்பது. ‘அலட்சியம்’ பார்த்தவரின் எரிச்சல். ‘நபர்’ என்பதோ காவல் நிலையத்து மொழி.

அதே இரவை இப்படியும் எழுதலாம்:

“14ஆம் தேதி, இரவு 10.20. ஃபெட்லிங் பகுதி, 3ஆம் மேஜை. ஏஜி-7இல் பிசிறு எடுக்கும் வேலை. பாதுகாப்புக் கண்ணாடி கழுத்தில் தொங்கியது. முகக்கவசம் மேஜையில் இருந்தது. கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். வீல் உடைந்தால் துண்டு கண்ணில் பாயும் என்று இந்தியில் சொன்னேன். ‘தெரியும். போட்டால் ஐந்து நிமிஷத்தில் மூடிக்கொள்கிறது, வீல் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை’ என்றார். அதே கண்ணாடியை நான் போட்டுக்கொண்டு மேஜை அருகே நின்றேன். சில நிமிடங்களில் எனக்கும் மூடியது. 10.35க்கு ஸ்டோரிலிருந்து புதுக் கண்ணாடி கொடுத்தேன். அதுவும் இதே மாடல்தான், வேண்டாம் என்றார். கண் பாதுகாப்பு இல்லாமல் கிரைண்டரைத் தொட முடியாது என்று சொல்லி, வார்ப்புகளை அடுக்கும் வேலைக்கு மாற்றினேன், ஒப்புக்கொண்டார். இந்தக் குறிப்பை இந்தியில் வாசித்துக் காட்டினேன். மூடிக்கொள்ளாத வேறு வகைக் கண்ணாடி வேண்டும் என்று பர்ச்சேஸுக்கு எழுதியிருக்கிறேன்.”

மறுத்ததை இந்தக் குறிப்பு மறைக்கவில்லை. இரண்டு முறை மறுத்தார் என்பது நேரத்தோடு இருக்கிறது. கண்டிப்பும் இருக்கிறது, ஏனென்றால் கிரைண்டர் அவர் கையை விட்டுப் போய்விட்டது. திட்டு மட்டும்தான் இல்லை.

‘மறுத்தார்’ என்ற சொல்லையும் அளந்துதான் போட வேண்டும். அணியாமல் இருப்பது ஒன்று, போட்டுவிட்டுக் கழற்றுவது வேறொன்று, கொடுத்தும் சொல்லியும் வேண்டாம் என்பது மூன்றாவது. கண்ணாடி கையில் தரப்பட்டு, ஆபத்து அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லப்பட்டு, அதன் பிறகும் வேண்டாம் என்றால்தான் அது மறுப்பு. ஸ்டோரில் அன்றைக்கு ஸ்டாக்கே இல்லையென்றால் அதை மறுப்பு என்று எழுதுவது பொய்.

கண்ணாடி ஏன் மூடிக்கொள்கிறது? உலைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர் முகம் வியர்த்துக் கொட்டுகிறது. கடலோர மாவட்டம் என்பதால் காற்றிலும் ஈரம். அந்த ஈரம் முகத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கத்தில் படிகிறது. பனி படியாத பூச்சு கொண்ட கண்ணாடிகள் கிடைக்கும். ஆனால் தோளில் கிடக்கும் தூசித் துண்டால் நாலு நாள் துடைத்தால் பூச்சு போய்விடும். நேராகத் துளை வைத்த கண்ணாடியில் காற்றுப் போகும், கூடவே கிரைண்டிங் தூசியும் உள்ளே வரும். மறைவான காற்று வழி கொண்டதுதான் இந்த வேலைக்குப் பொருந்தும். ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டவருக்கு அதன் மேலேயே போடக்கூடிய அளவு வேண்டும். காரணத்தை எழுதாத குறிப்பேட்டிலிருந்து இந்த விவரங்கள் ஒன்றுகூடப் பர்ச்சேஸுக்குப் போய்ச் சேராது.

சில சமயம் மறுத்தவர்தான் சரி. டிரில்லிங் மெஷினில் துளை போடுபவரிடம் “கையுறை எங்கே?” என்று அதட்டும் புதிய அதிகாரிகள் உண்டு. சுற்றும் டிரில்லில் கையுறையின் நுனி சிக்கினால் கையையே இழுத்துக்கொள்ளும். அங்கே கையுறை போடக்கூடாது என்பதுதான் பாதுகாப்பு. “கையுறை அணிய மறுத்தார்” என்று மட்டும் எழுதி வைத்தால் அந்தப் பக்கம் அதிகாரிக்கு எதிரான சாட்சி.

சட்டம் தொழிலாளியின் பொறுப்பைத் தெளிவாகவே சொல்கிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 111வது பிரிவு, பாதுகாப்புக்காகக் கொடுத்ததை வேண்டுமென்றே பயன்படுத்தாமல் இருக்கக்கூடாது என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் தொழிலாளியின் கடமைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் அதே பழைய சட்டத்தின் 7ஏ பிரிவு, தகவல், பயிற்சி, மேற்பார்வை மூன்றையும் ஆலை நடத்துபவரின் கடமையாக வைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியதுதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால், முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. பல குறிப்பேடுகள் மனசுக்குள் இதை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் இந்த விதிவிலக்கு கிடையாது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் விஷயமும் வேறு. அவர் உத்தரவை மீறியிருந்தாலும், ஆலையின் வேலைக்காகச் செய்தபோது பட்ட காயம் வேலையில் பட்ட காயம்தான் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 51பி பிரிவு சொன்னது. ஆக, அவரைக் குற்றவாளியாகக் காட்ட எடுக்கும் சிரமத்துக்குப் பலன் பெரும்பாலும் இல்லை.

இங்கிலாந்தில் லண்டனுக்கு மேற்கே ஸ்லோ என்ற ஊரில் ஒரு வார்ப்பாலை. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றும் தொழிலாளிக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தார். மூடிக்கொள்கிறது என்று மேலாளரிடம் சொன்னார். பிறகு போடுவதை விட்டுவிட்டார், ஆலையும் அதை அப்படியே விட்டுவிட்டது. ஒருநாள் உலோகம் தெறித்துக் கண்ணில் பட்டது. 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போன இந்த ஸ்லோ மெட்டல்ஸ் வழக்கில், கண்ணாடி கொடுத்ததோடு சட்டவிதியின் கடமை முடிந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் போட வைக்கவில்லை, மேற்பார்வை செய்யவில்லை என்று ஆலையைப் பொறுப்பாக்கினார்கள். தொழிலாளியின் பங்கு என்று இழப்பீட்டில் 40 சதவீதத்தைக் குறைத்தார்கள். அவர் தரப்பிலும் தவறு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெரும்பங்கு, தெரிந்தும் விட்டுவைத்தவர்களுடையது.

நம் வார்ப்பாலைக்குத் திரும்பி, அந்த இரவு வேறு விதமாக முடிந்ததாக வைத்துக்கொள்வோம். 10.20க்குக் குறிப்பு எழுதியாயிற்று. அன்று முடிக்க வேண்டிய வார்ப்புகள் நிறைய, ஃபோர்மேன் அவசரப்படுத்துகிறார். “சரி பையா, பாத்து செய்” என்று கிரைண்டரைத் திரும்பக் கொடுத்துவிடுகிறார்கள். 11.40க்குக் கண்ணில் காயம். இப்போது அந்தக் குறிப்பு என்ன சொல்கிறது? ஆபத்து ஆலைக்கு 10.20க்கே தெரியும், 80 நிமிடங்கள் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று. தன்னைக் காப்பாற்றும் என்று எழுதியவர் நம்பிய தாள் அவருக்கு எதிராகவே திரும்பிவிட்டது. மறுப்பைப் பதிவு செய்த பிறகு அந்த வேலை நிற்க வேண்டும். நிறுத்த முடியாதவர் எழுதுவது வெறும் ஒப்புதல் வாக்குமூலம்.

ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டிய கட்டமும் வரும். பொருத்தமான கண்ணாடி வந்த பிறகும் ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தால் நிலையாணைப்படி விளக்கம் கேட்கலாம். அது வேறு தாள், வேறு கோப்பு. பாதுகாப்புக் குறிப்பேட்டிலேயே தண்டனையையும் எழுதத் தொடங்கினால், அடுத்த தொழிலாளி “மூடிக்கொள்கிறது” என்று வாய் திறக்க மாட்டார். சூப்பர்வைசர் வரும்போது மட்டும் மூக்கில் ஏற்றிக்கொள்வார். அவர் அந்தப் பக்கம் போனதும் கண்ணாடி மறுபடி கழுத்துக்கு வந்துவிடும். கையெழுத்துப் போட விரும்பாதவரையும் வற்புறுத்தத் தேவையில்லை. “வாசித்துக் காட்டினேன், கையெழுத்திட விரும்பவில்லை என்றார்” என்று எழுதி, அருகில் இருந்த ஒருவரின் கையெழுத்தை வாங்கினால் போதும். வாசித்ததில் அவர் ஏதாவது திருத்தம் சொன்னால் அதையும் அவர் சொன்னபடியே சேர்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலோ பக்கத்துத் தேர்வாய்க் கண்டிகையிலோ குறிப்பேடு எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை ஷிஃப்ட் தொடங்கும் முன் உங்கள் குறிப்பேட்டில் ‘பலமுறை’ என்று எழுதிய பக்கம் ஒன்றை எடுங்கள். அதில் இருக்கும் தொழிலாளியைத் தேடிப் போய், அன்றைக்கு ஏன் போடவில்லை என்று கேட்டு, அவர் சொன்னதை அந்தப் பக்கத்தின் கீழே, இன்றைய தேதி போட்டு எழுதுங்கள்.