மூன்று புள்ளிகளும் ஒரு தொடுகோடும்

1. கணக்கு

பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளிக்கு வராத நாளில் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பயிற்சித்தாள் ஒன்று வழங்கப்பட்டது. தோழி அந்தத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். தாளின் நடுவே ஒரு மடிப்பு இருந்தது. அதன் நிழல் ஒரு கணக்கின் குறுக்கே விழுந்திருந்தது. அக்கணக்கை மாணவி பின்வருமாறு படித்தார்:

*A(6, 6), B(1, 7), C(2, −2) ஆகிய புள்ளிகள் வழிச் செல்லும் வட்டத்தை 3x + 4y − 43 = 0 என்னும் கோடு தொடுகிறது. வட்டத்தின் சமன்பாட்டைக் காண்க.*

வினா தெளிவாகவே இருக்கிறது. ஆனால் இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு வட்டத்தை உறுதிசெய்ய எத்தனை நிபந்தனைகள் வேண்டும்?

2. எத்தனை நிபந்தனைகள்?

வட்டத்தின் பொதுச் சமன்பாடு

x² + y² + 2gx + 2fy + c = 0

என்பதாகும். இதன் மையம் (−g, −f). ஆரம் √(g² + f² − c). இச்சமன்பாட்டில் அறிய வேண்டியவை g, f, c என்னும் மூன்று மாறிலிகள் மட்டுமே. ஆகவே ஒன்றையொன்று சாராத மூன்று நிபந்தனைகள் வேண்டும். வட்டம் ஒரு புள்ளி வழிச் செல்கிறது என்பது ஒரு நிபந்தனை. வட்டத்தை ஒரு கோடு தொடுகிறது என்பதும் ஒரு நிபந்தனையே.

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியே ஒரு வட்டம் செல்லும். ஒன்று மட்டுமே செல்லும். AB, AC ஆகிய நாண்களின் மையக்குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளியே அவ்வட்டத்தின் மையம். யூக்ளிட் தம் 'எலிமென்ட்ஸ்' நூலின் நான்காம் பகுதியில் முக்கோணத்தின் சுற்றுவட்டத்தை வரைந்து காட்டுவதும் இவ்வழியிலேயே. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமைந்தால் மையக்குத்துக்கோடுகள் இணையாகிவிடும். அப்போது வட்டம் இல்லை. இங்கு AC-இன் சாய்வு 2. AB-இன் சாய்வு −1/5. இரண்டும் வேறுபடுவதால் வட்டம் உண்டு.

ஆக, மூன்று புள்ளிகளே வட்டத்தை முழுமையாக உறுதிசெய்துவிடுகின்றன. அப்படியானால் தொடுகோடு எதற்கு? வட்டத்தைக் காண்பதற்கு அது தேவையில்லை. கண்ட வட்டம் சரியானதா என அறிவதற்கு அது தேவைப்படுகிறது.

3. மாணவி கண்ட விடை

புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைப் பொதுச் சமன்பாட்டில் பிரதியிட,

72 + 12g + 12f + c = 0 … (1)
50 + 2g + 14f + c = 0 … (2)
8 + 4g − 4f + c = 0 … (3)

(1)-இலிருந்து (2)-ஐக் கழிக்க, 22 + 10g − 2f = 0; அதாவது f = 5g + 11.
(1)-இலிருந்து (3)-ஐக் கழிக்க, 64 + 8g + 16f = 0; அதாவது g + 2f = −8.

இவற்றைத் தீர்க்க, g = −30/11, f = −29/11. இம்மதிப்புகளை (3)-இல் இட, c = −84/11. எனவே சமன்பாடு

11x² + 11y² − 60x − 58y − 84 = 0.

மாணவி மூன்று புள்ளிகளையும் இச்சமன்பாட்டில் இட்டுப் பார்த்தார். A-க்கு 792 − 360 − 348 − 84 = 0. B-க்கு 550 − 60 − 406 − 84 = 0. C-க்கு 88 − 120 + 116 − 84 = 0. மூன்றும் பொருந்தின. விடை சரியென அவர் அடிக்கோடிட்டார்.

இவ்விடத்தில்தான் கவனம் வேண்டும். புள்ளிகளைத் திரும்பப் பிரதியிடுவது, கணக்கிட்ட முறையில் பிழை இல்லை என்பதை மட்டுமே காட்டும். எடுத்துக்கொண்ட புள்ளிகளே தவறானவை என்றால், அத்தவறான புள்ளிகளும் விடையில் பொருந்தவே செய்யும். ஏனெனில் அவற்றிலிருந்தே அந்த விடை பெறப்பட்டது. தரவின் பிழையைக் காட்ட, விடை காணப் பயன்படுத்தாத ஒரு செய்தி வேண்டும். இக்கணக்கில் அச்செய்தி தொடுகோடு.

4. தொடுகோட்டால் சோதித்தல்

ஒரு கோடு வட்டத்தைத் தொடுமானால், மையத்திலிருந்து அக்கோட்டிற்கு உள்ள செங்குத்துத் தொலைவு ஆரத்திற்குச் சமமாக இருக்கும். தொலைவு ஆரத்தைவிடக் குறைந்தால் கோடு வட்டத்தை இரு புள்ளிகளில் வெட்டும். மிகுந்தால் வட்டத்திற்கு வெளியே விலகிச் செல்லும்.

மாணவியின் வட்டத்தில் மையம் (30/11, 29/11).

செங்குத்துத் தொலைவு d = |90/11 + 116/11 − 43| / 5 = 267/55

r² = (900 + 841)/121 + 84/11 = 2665/121

வர்க்கங்களை ஒரே பகுதியுடன் எழுதினால், d² = 71289/3025; r² = 66625/3025. இவை சமமல்ல. d மிகுதியாக இருப்பதால், கோடு இவ்வட்டத்தைத் தொடவே இல்லை.

தசமத்தில் d ஏறத்தாழ 4.85, r ஏறத்தாழ 4.69. வேறுபாடு 0.16 மட்டுமே. ஓர் அலகிற்கு ஒரு சென்டிமீட்டர் எனக் கொண்டு வரைந்தால், கோட்டிற்கும் வட்டத்திற்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இடைவெளி தெரியும். அதை வரைதலில் நேர்ந்த சிறு பிழை என எண்ணிவிடக்கூடும். ஆகவே இச்சோதனையை வரைபடத்தில் செய்யாமல் எண்களைக் கொண்டே செய்ய வேண்டும். தசமங்களையும் முன்னதாகவே தோராயப்படுத்தலாகாது.

விடையில் பின்னங்கள் வந்ததையே பிழைக்குச் சான்றாகக் கொள்வதும் முறையன்று. சரியான வட்டங்கள் பலவற்றின் மையம் பின்ன ஆயத்தொலைவுகளைக் கொண்டிருக்கும். பிழைக்கு உறுதியான சான்று, நிபந்தனை நிறைவேறாமையே.

5. பிழை எங்கே உள்ளது?

நான்கு தரவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைத்தான் இச்சோதனை கூறுகிறது. எந்தத் தரவு தவறானது என்பதை அது கூறுவதில்லை. மாணவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். A, C ஆகிய புள்ளிகளும் கோட்டின் சமன்பாடும் தெளிவாக இருந்தன. மடிப்பின் நிழல் B-இன் மீதே விழுந்திருந்தது. எனவே B-ஐ விலக்கிவிட்டு, மற்ற மூன்று நிபந்தனைகளைக் கொண்டு வட்டத்தைக் காண அவர் முற்பட்டார்.

இரு புள்ளிகள் வழிச் சென்று ஒரு கோட்டைத் தொடும் வட்டத்தைக் காண்பது பழமையான கணக்கு. புள்ளி, கோடு, வட்டம் ஆகியவற்றுள் எவையேனும் மூன்றைக் கொண்டு வட்டம் வரையும் பத்து வகைகளையும் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் அப்பலோனியசு ஆராய்ந்தார். இது அவற்றுள் ஒன்று.

மையம், AC-இன் மையக்குத்துக்கோட்டில் அமைய வேண்டும். AC-இன் நடுப்புள்ளி (4, 2). மையக்குத்துக்கோட்டின் சாய்வு −1/2. அதன் சமன்பாடு x + 2y = 8. ஆகவே மையத்தை (8 − 2k, k) எனக் கொள்ளலாம்.

C-இலிருந்து மையத்தின் தொலைவின் வர்க்கம்
(6 − 2k)² + (k + 2)² = 5k² − 20k + 40.

கோட்டிலிருந்து மையத்தின் தொலைவின் வர்க்கம்
(2k + 19)² / 25.

இவ்விரண்டும் சமம் என்பதால்,

121k² − 576k + 639 = 0
(k − 3)(121k − 213) = 0.

k-க்கு இரு மதிப்புகள் கிடைக்கின்றன. அதாவது A, C வழிச் சென்று இக்கோட்டைத் தொடும் வட்டங்கள் இரண்டு. தொடுதல் நிபந்தனை இருபடிச் சமன்பாட்டைத் தருவதே இதற்குக் காரணம். எது வேண்டிய வட்டம் என்பதை B முடிவு செய்யும்.

k = 3 எனில், மையம் (2, 3), ஆரம் 5. படித்த புள்ளி (1, 7) இவ்வட்டத்தில் இல்லை; மையத்திலிருந்து அதன் தொலைவின் வர்க்கம் 1 + 16 = 17. ஆனால் 1-இன் முன் ஒரு கழித்தல் குறி மறைந்திருந்தால் புள்ளி (−1, 7) ஆகும்; அப்போது தொலைவின் வர்க்கம் 9 + 16 = 25. இது மிகச் சரியாகப் பொருந்துகிறது. k = 213/121 என்னும் மற்றொரு வட்டத்தில் (1, 7), (−1, 7) ஆகிய இரண்டுமே அமையவில்லை.

மாணவி தோழியிடம் கேட்டார். மூலத்தாளில் இருந்தது B(−1, 7) என்பதுதான்.

6. சரியான தீர்வு

சமன்பாடு (2) இப்போது 50 − 2g + 14f + c = 0 என மாறுகிறது. (1)-இலிருந்து இதைக் கழிக்க, f = 7g + 11. இதை g + 2f = −8 என்பதில் இட, 15g = −30. எனவே g = −2, f = −3, c = −12. வேண்டிய வட்டம்

x² + y² − 4x − 6y − 12 = 0.

சரிபார்ப்பு: மையம் (2, 3)-இலிருந்து கோட்டிற்கு உள்ள தொலைவு |6 + 12 − 43| / 5 = 5; இது ஆரத்திற்குச் சமம். தொடுபுள்ளி (5, 7). அப்புள்ளியில் வரையப்படும் தொடுகோடு 5x + 7y − 2(x + 5) − 3(y + 7) − 12 = 0; சுருக்கினால் 3x + 4y − 43 = 0. தாளில் தரப்பட்ட கோடே மீண்டும் கிடைக்கிறது.

7. சோதனையின் எல்லை

தொடுகோட்டுச் சோதனை தோல்வியுற்றால், தரவிலோ கணக்கீட்டிலோ பிழை இருப்பது உறுதி. முதலில் புள்ளிகளைப் பிரதியிட்டுக் கணக்கீட்டுப் பிழையை நீக்க வேண்டும். அதன் பின்னரே தரவை ஐயுற வேண்டும். ஆனால் சோதனையில் தேறிய ஒவ்வொரு விடையும் சரியானதாகிவிடாது. தவறாகப் படித்த B, மேலே கண்ட இரு வட்டங்களுள் ஒன்றின் மீது தற்செயலாக அமைந்துவிட்டால், சோதனை அதைப் பிடிக்காது. அத்தகைய தற்செயல் அரிது, எனினும் நடக்கக்கூடியதே. படத்தில் ஓர் எண் மங்கலாகத் தெரிந்தால், மூலத்தாளைக் கேட்டறிவதே முடிவான வழி.

பயிற்சி

1. (8, 1), (0, 5), (7, −2) ஆகிய புள்ளிகள் வழிச் செல்லும் வட்டத்தின் சமன்பாட்டைக் காண்க. 4x − 3y + 16 = 0 என்னும் கோடு அதைத் தொடுகிறதா எனச் சோதிக்க.

2. x² + y² − 4x − 6y − 12 = 0 என்னும் வட்டத்தை 3x + 4y + m = 0 என்னும் கோடு தொடுகிறது. m-இன் மதிப்புகளைக் காண்க. இரு மதிப்புகள் கிடைப்பது ஏன் என்பதை வரைபடத்தின் துணையுடன் விளக்குக.