காரணப் புலத்தைத் தீர்ப்புப் புலத்துக்கு முன் வைத்தல்

பெரிய மொழி மாதிரியிடம் ஒரு முடிவையும் அதற்கான காரணத்தையும் சேர்த்துக் கேட்கும்போது, விடையின் படிவத்தில் காரணத்துக்குரிய இடத்தை முதலிலும் தீர்ப்புக்குரிய இடத்தைப் பின்னாலும் அமைப்பது ஒரு வடிவமைப்பு முறையாகும். விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா, விடைத்தாளுக்கு எத்தனை மதிப்பெண், இரு பதில்களில் எது மேல் போன்ற மதிப்பீட்டுப் பணிகளில் இது கையாளப்படுகிறது. இத்தகைய விடைகள் பெரும்பாலும் ஜேசான் வடிவில் பெறப்படுகின்றன. அதில் ஒவ்வொரு தகவலும் பெயரும் மதிப்பும் கொண்ட ஒரு புலமாக அமையும்.

ஜேசான் விதிப்படி புலங்களின் வரிசைக்குப் பொருள் கிடையாது. விடையைப் படிக்கும் நிரலுக்கு `reason` முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒன்றுதான். எழுதும் மாதிரிக்கு அப்படியல்ல. நிரலர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

வரிசை ஏன் பொருட்படுகிறது

மொழி மாதிரி விடை முழுவதையும் ஒரே நேரத்தில் உருவாக்குவதில்லை. டோக்கன் எனப்படும் சொல்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறது. ஒவ்வொரு துண்டும் கேள்வியையும் அதுவரை எழுதப்பட்டவற்றையும் மட்டுமே சார்ந்து தேர்வாகிறது. எழுதிய துண்டை அழித்துவிட்டுத் திரும்பிச் செல்ல வழியில்லை. ஆகவே `verdict` முதலில் வந்தால், காரணத்தின் ஒரு சொல்கூட எழுதப்படாத நிலையில் தீர்ப்பு உறுதியாகிவிடும். பின்னால் வரும் காரணம், முன்னரே எழுதப்பட்ட தீர்ப்பைப் பார்த்து அதற்கு ஏற்ப எழுதப்படும்.

கூகுள் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட, படிப்படியான சிந்தனையை எழுதவைப்பது பற்றிய ஆய்வில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. பள்ளிக் கணக்குகளில், விடைக்கு முன் வழிமுறையை எழுதவைத்தபோது சரியான விடைகள் இரு மடங்குக்கும் மேலாயின. அதே வழிமுறையை விடைக்குப் பின் எழுதவைத்தபோது, வழிமுறையே கேட்காத நிலையைவிட முன்னேற்றம் ஏதுமில்லை. வழிமுறைக்குப் பதில் வெறும் புள்ளிகளை எழுதவைத்தும் பார்த்தார்கள்; அதிலும் பயன் கிடைக்கவில்லை. ஆக, கூடுதல் நீளம் உதவவில்லை; விடைக்கு முன்னால் எழுதப்பட்ட இடைநிலை முடிவுகளே உதவின.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கடையின் விதி இது: பொருள் கைக்கு வந்த 10 நாட்களுக்குள் திருப்பிக் கேட்டால் பணம் திரும்பத் தரப்படும், வரும்போதே உடைந்திருந்தால் 30 நாட்கள் வரை கேட்கலாம். வாடிக்கையாளர் மார்ச் 20 அன்று எழுதுகிறார்: “மார்ச் 3 அன்று குக்கர் வாங்கினேன், 9ஆம் தேதி வந்தது. பெட்டியைத் திறந்தபோதே கைப்பிடி உடைந்திருந்தது. பணம் திரும்ப வேண்டும்.”

தீர்ப்பு முதலில் என்றால் விடை இப்படி வரக்கூடும்:

```json
{"verdict": "மறுப்பு",
 "reason": "பொருள் வந்து 11 நாட்கள் ஆகிவிட்டன; 10 நாள் கெடு கடந்தது."}
```

காரணத்தில் பொய்யில்லை. 9ஆம் தேதியிலிருந்து 20 வரை 11 நாட்கள்தான். ஆனால் உடைந்த கைப்பிடி பற்றிய பேச்சே இல்லை. “மறுப்பு” என்று எழுதியாகிவிட்டதால், அதற்குத் துணைநிற்கும் செய்தி மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டிருக்கிறது. படிப்பவருக்கு இது ஒழுங்கான விளக்கமாகவே தோன்றும். காரணம் அபத்தமாக இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். இங்கோ பிழையான தீர்ப்புக்குச் சரளமான காரணம் கிடைத்துவிடுகிறது.

வரிசையை மாற்றினால்:

```json
{"reason": "வந்த நாள் மார்ச் 9, கடிதம் மார்ச் 20: 11 நாட்கள். வரும்போதே உடைந்தது என்கிறார்; எனவே 30 நாள் விதி. 11 நாட்கள் 30க்குள்.",
 "verdict": "ஏற்பு"}
```

நாள் கணக்கும் பொருந்தும் விதியும் எழுத்தில் இடம்பெற்ற பிறகே தீர்ப்பு வருகிறது. முதல் வரிசையில் எப்போதும் தவறும் இரண்டாவதில் எப்போதும் சரியும் வரும் என்பதல்ல. எளிய வழக்குகளில் இரண்டும் ஒரே விடையைத் தரும். இங்குபோல் கணக்கும் விதிவிலக்கும் சேரும் இடத்தில்தான் வேறுபாடு தெரியும்.

வரிசை சத்தமின்றிக் குலைவது

படிவத்தைச் சரியாக எழுதியிருந்தாலும் அது மாதிரியைச் சென்றடையும் வழியில் மாறிவிடலாம். பைத்தானில் `sort_keys=True` என்று கொடுத்தால் புலங்கள் அகரவரிசைக்கு மாறும். கோ மொழியில் மேப் ஒன்றை ஜேசானாக்கும்போதும் அப்படியே. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் `jsonb` வகை, பெயர் நீளத்தில் குறைந்த புலத்தை முதலில் வைக்கும். `reason`, `verdict` என்ற பெயர்கள் இந்த மூன்றிலும் தற்செயலாகத் தப்பிவிடுகின்றன. தீர்ப்புக்கு `label` என்று பெயர் வைத்தவருக்கு மூன்றிலும் அது முன்னால் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

எனவே நிரல் பிரித்தெடுத்த மதிப்புகளை மட்டும் பார்த்தால் போதாது. மாதிரி அனுப்பிய மூல உரையைப் பதிவுசெய்து, எது முதலில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். கேள்வியோடு மாதிரி விடைகளைச் சேர்த்து அனுப்பினால் அவற்றிலும் இதே வரிசை இருக்க வேண்டும்.

இன்னொரு குலைவு காரணத்துக்குள்ளேயே நிகழ்கிறது. காரணம் “இக்கோரிக்கையை மறுக்க வேண்டும், ஏனெனில்…” என்று தொடங்கினால், தீர்ப்பு முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. புலத்தை முன்னால் வைத்ததில் பயனில்லை. இதைத் தவிர்க்க, காரணப் புலத்துக்கான குறிப்பில் “முதலில் தொடர்புடைய தேதிகளையும் நிகழ்வுகளையும் எடுத்தெழுது, பிறகு பொருந்தும் விதியைக் குறிப்பிடு, முடிவை இங்கே கூறாதே” என்பதுபோல் தெளிவாகச் சொல்ல வேண்டும். “காரணம்” என்ற பெயரே எடுத்த முடிவுக்கு நியாயம் சொல்வதாக ஒலிப்பதால், `analysis` போன்ற பெயரைச் சிலர் விரும்புகிறார்கள். பெயரைவிடக் குறிப்பே முக்கியம் எனலாம். ஆனால் அப்பெயர் அகரவரிசையில் முன்னால் வருவது ஒரு சிறு இலாபம்.

செலவும் எல்லையும்

தீர்ப்பு முதலில் வந்தால் அதைப் பெற்றவுடன் நிறுத்திக்கொள்ளலாம். பின்னால் வந்தால் காரணம் முழுவதற்கும் காத்திருக்க வேண்டும். அதற்கான கட்டணமும் உண்டு. வெளியீட்டு நீளத்துக்கு வைத்த வரம்பு குறைவாக இருந்தால் காரணத்தின் நடுவிலேயே உரை அறுந்து, தீர்ப்பே இல்லாத முறிந்த ஜேசான் வரும். தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக உடைவதால், தமிழில் காரணம் கேட்பவர் இந்த வரம்பைத் தாராளமாக வைப்பது நல்லது.

விடைக்கு முன் தனியாகச் சிந்தித்துக்கொள்ளும்படி பயிற்சி பெற்ற மாதிரிகளில் புல வரிசையின் தாக்கம் குறைவு. படிவத்தைத் தொடும் முன்பே யோசனை நடந்துவிடுகிறது. அங்கே காரணப் புலத்தை மனிதர் படிப்பதற்கான சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

முன்னால் எழுதப்பட்ட காரணமும் தீர்ப்பின் உண்மையான காரணமாக இருந்தே தீரும் என்பதில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், காட்டப்பட்ட மாதிரி வினாக்கள் அனைத்திலும் சரியான விடை முதல் தெரிவாகவே இருக்கும்படி மாற்றியமைத்தார்கள். மாதிரிகள் அதற்கு இழுபட்டு முதல் தெரிவை நாடின. எழுதிய விளக்கத்தில் அந்த இழுப்பைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே சொல்லவில்லை. ஆகவே காரணம் ஏற்கத்தக்கதாக ஒலிக்கிறதா என்பதைக் கொண்டு இம்முறையை மதிப்பிட இயலாது. மனிதர்கள் முன்பே தீர்ப்பளித்த வழக்குகளை, விதிவிலக்கு உள்ளவற்றை வேண்டுமென்றே சேர்த்து எடுத்துக்கொண்டு, இரு வரிசைகளிலும் ஓட்டி, தீர்ப்புகளை மட்டும் எண்ணி ஒப்பிட வேண்டும். தீர்ப்பு மாறிய வழக்குகளைத் தனியே எடுத்துப் படித்தால், எந்த வகை வழக்கில் வரிசை வேலை செய்கிறது என்பது தெரியும்.