முதியோரை வீட்டில் பராமரிக்கும் சேவை: குடும்பத்தவருக்கு எழுதும் வாசகம்

மீளக்குடியமர்ந்த கிராமங்களில், வயது போனவர்களோடு பகலில் இருக்க ஆளில்லாத வீடுகள் பல உண்டு. மகன் வெளிநாட்டில், மகள் ஆடைத் தொழிற்சாலையில், வீட்டில் இருக்கும் மருமகள் விடியும்போதே வயலுக்குப் போய்விடுகிறாள். இப்படியான வீடுகளுக்குப் போய்க் கூலிக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாதர் சங்கப் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால், அவர்களுக்கு முதலில் வேண்டியது ஓர் அறிவித்தல். மேலே ஒரு படம், படத்தின் கீழே இரண்டு மூன்று வரி. அது கடைச் சுவரிலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டப்படும். அதே படம் கைத்தொலைபேசி வழியே வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் போய்ச் சேரும். படத்தின் கீழுள்ள அந்த இரண்டு மூன்று வரிகளைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். ஏனெனில், முன்பின் அறியாத ஒருவரை வீட்டுக்குள் விடலாமா, அம்மாவை அவர் கையில் ஒப்படைக்கலாமா என்ற முடிவைக் குடும்பத்தவர் அந்த வரிகளை வைத்தே எடுக்கத் தொடங்குகிறார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பெண்கள் கூடி இப்படி எழுதிக்கொண்டு வருகிறார்கள்:

"உங்கள் பெற்றோரின் நோய்களுக்கு நிரந்தரத் தீர்வு! பாரிசவாதம், மூட்டுவலி, ஞாபக மறதி உள்ளோருக்கு அனுபவம் வாய்ந்த தாதியரின் 24 மணிநேரச் சேவை. பெற்றோரைக் கைவிடாதீர்கள்!"

எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பட்டினத்தில் ஒட்டப்பட்டிருக்கும் விளம்பரங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவருக்குத் தீங்கு செய்யக்கூடியது.

"நிரந்தரத் தீர்வு" என்பதை முதலில் பார்ப்போம். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இழுத்துப்போன தகப்பனை வைத்திருக்கும் குடும்பம் இதை வாசித்தால், அப்பா எழுந்து நடப்பார் என்றுதான் விளங்கிக்கொள்ளும். அந்த நம்பிக்கையில் கடன்பட்டுக் காசு கொடுக்கும். அதைவிட மோசமானது, "இவர்கள்தான் பார்க்கிறார்களே" என்று மாதாந்தக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதை விட்டுவிடுவது. அறிவித்தலில் உள்ள ஒரு சொல்லுக்காக ஒரு முதியவரின் மருந்து நின்றுபோகலாம். இதில் சட்டமும் குறுக்கிடுகிறது. வியாபாரத்தில் ஈடுபடுவோர் பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் விதமாக நடப்பதையும், தம் பொருளையோ சேவையையோ பற்றிப் பொய்யாகச் சொல்வதையும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. சிறிய குழுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட முடியாது.

அப்படியானால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? இதற்கு ஒரு இலகுவான வழி உண்டு. வரியில் வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். அது நம் கையால் செய்யும் வேலையா, அல்லது முதியவரின் உடம்புக்குள் நடக்கவேண்டிய மாற்றமா? கைவேலை என்றால் எழுதலாம். ஏனெனில், அது நடந்ததா இல்லையா என்பதை அன்று பின்னேரமே வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளலாம். உடம்பில் நடக்கும் மாற்றம் என்றால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விட்டுவிடவேண்டும்.

"படுக்கைப்புண் வராமல் காப்போம்" என்பது உடம்பைப் பற்றிய வாக்குறுதி. "நீங்கள் சொல்லும் நேரங்களில் புரண்டு படுக்க உதவுவோம்" என்பது கைவேலை. "விழாமல் பாதுகாப்போம்" என்று எழுதினால், நாளைக்கு ஆச்சி கிணற்றடியில் சறுக்கிவிட்டால் என்ன பதில் சொல்வது? "எழுந்து நடக்கும்போது கைபிடித்துக் கூடவே வருவோம்" என்றால் அதைச் செய்துகாட்டலாம். "ஞாபகசக்தியை மீட்போம்" என்பதற்குப் பதிலாக, "பழைய கதைகளைக் கேட்டுப் பேச்சுத்துணையாக இருப்போம்" என்று எழுதலாம். எண்ணெய் பூசிவிடுவதும் அப்படித்தான். "எண்ணெய் பூசிக் குளிக்க வார்ப்போம்" என்பதோடு நிறுத்தினால் சரி. "நரம்புத் தளர்ச்சி நீங்க" என்ற இரண்டு மூன்று சொற்களை முன்னால் சேர்த்த உடனே அது வைத்தியம் ஆகிவிடுகிறது.

மருந்து விடயத்தில் சொற்களை இன்னும் நிறுத்து எடுக்கவேண்டும். "மருந்து கொடுப்போம்" என்று எழுதினால், எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பராமரிப்பவரே தீர்மானிப்பார் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். "வைத்தியர் எழுதிக் கொடுத்து, நீங்கள் பிரித்து வைத்துவிட்டுப் போகும் மருந்தை நேரத்துக்கு எடுக்க நினைவூட்டுவோம்" என்று எழுதினால் யார் எதற்குப் பொறுப்பு என்பது அந்த வரியிலேயே தெளிவாகிவிடும். வரி நீண்டுபோகிறதே என்று சிலர் சொல்வார்கள். நீளட்டும். இந்த ஒரு வரியைச் சுருக்கக்கூடாது.

அடுத்தது "தாதியர்" என்ற சொல். தாதி என்பவர் அதற்கென்று கற்றுப் பதிவுபெற்றவர். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவரை அப்படி அழைக்கமுடியாது. "பராமரிப்பாளர்" என்பது போதும். பயிற்சி பெற்றிருந்தால் எங்கே, எத்தனை நாள் என்று சொல்லலாம். பராமரிப்பாளர் தொழிலுக்கென்று என்.வி.கியூ. சான்றிதழ் உண்டு. அதைப் பெற்றவர் குழுவில் இருந்தால் அதையும் எழுதலாம். ஒருவர் பெற்றிருக்க, ஐவரும் பெற்றவர்கள் என்று நினைக்கும்படி எழுதக்கூடாது.

சொல்லில் கவனமாக இருந்துவிட்டுப் படத்தில் தவறுவதும் உண்டு. கழுத்தில் வைத்தியரின் குழாயோடு, வெள்ளை அங்கியோடு ஒரு பெண் நின்றால், கீழே நீங்கள் எதை எழுதினாலும் பார்ப்பவர் அதை வைத்தியசாலை என்றே எண்ணுவார். சிவப்புச் சிலுவை அடையாளத்தை ஒரு மூலையில் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த அடையாளம் ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்டது. சொந்தச் சேவைக்கு அதைப் பயன்படுத்த எவருக்கும் உரிமையில்லை. யுத்த காலத்தில் அந்த அடையாளம் எதைக் குறித்தது என்பதை நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. திண்ணையில் ஓர் ஆச்சிக்குப் பக்கத்தில் பராமரிப்பாளர் இருந்து தேத்தண்ணி கொடுக்கும் படமே போதும். ஆச்சியிடம் கேட்டு, எங்கெங்கே ஒட்டப்போகிறோம் என்பதையும் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே படம் எடுக்கவேண்டும்.

"பெற்றோரைக் கைவிடாதீர்கள்" என்ற வரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். விளம்பரம் எழுதுவோர் இதை விரும்புவார்கள், ஏனென்றால் இது குத்தும். ஆனால் யாரைக் குத்துகிறது? 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டும், 2009இல் வன்னியின் கடைசி நாட்களிலும் வெளிக்கிட்ட குடும்பங்களில், நடக்கமுடியாத தாய் தகப்பனைத் துவிச்சக்கரவண்டியில் வைத்து உருட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். கொண்டுவர முடியாமல் விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கும் சுவரில் இந்த வரியை ஒட்டுவது காசுக்காகப் புண்ணைக் கிளறுவது. வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் இது அநியாயம். அவள் கைவிடவில்லை, அவளுக்கு ஒரு காலை நேரம் ஓய்வு வேண்டும், அல்லது வயலுக்குப் போகவேண்டும். உதவி கேட்பது குறையல்ல என்று நினைக்கும்படி வரி இருந்தால்தான் அவள் தொலைபேசியை எடுப்பாள்.

இன்னொருவரும் இதை வாசிப்பார்: அந்த முதியவரே. "சுமை", "படுக்கையில் கிடப்போர்" போன்ற சொற்களை எழுதமுன், வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஐயா ஒருவருக்கு அதை உரத்து வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுழித்தால் மாற்றுங்கள்.

"24 மணிநேரம்" என்பதும் நிற்காது. ஐந்து பெண்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. இரவில் ஒருவரும் போகப்போவதில்லை. போகக்கூடிய நேரத்தை மட்டும் எழுதவேண்டும்.

இவற்றையெல்லாம் கழித்து, அதே ஐந்து பெண்களின் அறிவித்தலைத் திருப்பி எழுதினால் இப்படி வரும். படத்தின் கீழே, பெரிய எழுத்தில்:

"நீங்கள் வயலுக்குப் போகும் காலை வேளையில் அம்மாவோடு, அப்பாவோடு ஒருவர் இருப்பார். குளிக்க வார்க்க, சாப்பாடு கொடுக்க, கைபிடித்து நடக்க, கதைத்துக்கொண்டிருக்க."

அதற்குக் கீழே, சிறிய எழுத்தில்:

"திங்கள் முதல் சனி வரை காலை 7 மணி முதல் 11 மணி வரை. ஒரு வருகைக்கு ரூபா ...... வருபவர் நம் ஊர்ப் பராமரிப்பாளர். முதல் நாள் உங்கள் முன்னிலையில் வேலை செய்வார். வைத்தியர் எழுதி நீங்கள் பிரித்து வைத்த மருந்தை நேரத்துக்கு நினைவூட்டுவோம். இது வைத்திய சேவை அல்ல: ஊசி போடுவதில்லை, காயத்துக்கு மருந்து கட்டுவதில்லை. சுகயீனம் கண்டால் உடனே உங்களுக்கு அறிவிப்போம். அவசரமென்றால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுவோம். தொலைபேசி ......"

"அன்பான", "நம்பிக்கையான", "தரமான" என்ற சொற்கள் இதில் ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள், ஆகவே ஒருவரும் நம்புவதில்லை. "முதல் நாள் உங்கள் முன்னிலையில்" என்ற வரி அந்த மூன்றுக்கும் பதிலாக நிற்கிறது. "செய்வதில்லை" என்று எழுதினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று பயப்படுவோரும் உண்டு. ஊசி தேவையான சில குடும்பங்கள் வராமல் போகலாம், உண்மைதான். அவர்கள் வந்து ஏமாறுவதைவிட அது நல்லது. அப்படி யாராவது கேட்டால் சொல்வதற்காக, கிட்டிய வைத்தியசாலையின் விபரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கலாம்.

அச்சுக்குக் கொடுக்கமுன் வாசகத்தைச் சோதிப்பதற்குக் காசு வேண்டியதில்லை. சேவையைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, தாளை மடித்து வைத்துவிட்டு, "இவர்கள் வந்து என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். "காலமை வந்து குளிக்க வார்த்து, சாப்பாடு குடுத்து, கதைச்சுக்கொண்டு இருப்பினம்" என்று சொன்னால் வாசகம் போய்ச் சேர்ந்துவிட்டது. "அவை வருத்தத்தை மாத்துவினமாம்" என்று சொன்னால், நீங்கள் எழுதாவிட்டாலும் எங்கோ ஒரு சொல்லோ படமோ அப்படிச் சொல்கிறது. எது என்று அவரிடமே கேட்டுத் தேடவேண்டும்.

ஒட்டிய பிறகு தொலைபேசியில் வரும் முதற் பத்து அழைப்புகளையும் கொப்பியில் குறித்து வையுங்கள்; பெயர் வேண்டாம், அவர்கள் கேட்ட முதற் கேள்வி மட்டும் போதும். "எத்தனை மணிக்கு வருவீங்கள்?", "ஞாயிற்றுக்கிழமையும் வரேலுமோ?", "ஆர் பிள்ளை வாறது?" என்ற கேள்விகள் என்றால் வாசகம் தன் வேலையைச் செய்கிறது. "அம்மா எப்ப நடப்பா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டால், ஒட்டியவற்றைக் கழற்றி எடுத்துத் திருத்தவேண்டும். வெளிநாட்டில் இருந்து எடுப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கூடுதலாகக் கேட்கக்கூடும். அவர்கள் அம்மாவை நேரில் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருக்கலாம், படத்தை மட்டுமே பார்க்கிறார்கள். ஆகவே கைத்தொலைபேசியில் படத்தை அனுப்பும்போது கீழ்ப்பகுதி வெட்டுப்படாமல், "இது வைத்திய சேவை அல்ல" என்ற வரியோடு முழுத்தாளும் போகிறதா என்று பார்த்து அனுப்பவேண்டும்.